சோதிக்காத காய்ச்சலில் செத்தவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?

"ஃப்ளூவால் வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்த முக்கால்வாசிப் பேருக்கு யாரும் டெஸ்ட் எடுப்பதே இல்லை. அப்புறம் அந்த எண் எங்கிருந்து வருகிறது? கூடுதல் இறப்பு என்கிறார்களே, அது குத்துமதிப்பா, இல்லை கணக்கா?"

கணக்குதான். ஆனால் செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணி வருகிற கணக்கு இல்லை. ஃப்ளூ இல்லாமலே இருந்திருந்தால் அந்தக் குளிர்காலத்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று ஒரு கோடு போடுகிறார்கள், உண்மையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்க்கிறார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கிறார்கள். முழு வித்தையும் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் இருக்கிறது. சண்டையும் அங்கேதான். இந்த வேலையில் நான் சில வருஷம் இருந்ததால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், இறப்புச் சான்றிதழ்களை நேரடியாக எண்ணினால் ஏன் போதாது என்பது. எழுபத்தெட்டு வயதான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இதயம் பலவீனம். ஒரு வாரம் காய்ச்சல், இருமல், வீட்டிலேயே படுத்திருக்கிறார். காய்ச்சல் குறைகிறது, பரவாயில்லை என்று நினைக்கும்போது மூச்சு வாங்குகிறது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. இப்போது மூக்கில் குச்சி விட்டு எடுத்தாலும் வைரஸ் பெரும்பாலும் அகப்படாது, ஏனென்றால் அது தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. நுரையீரலில் இருப்பது பின்னால் வந்து ஏறிக்கொண்ட பாக்டீரியா. அவர் இறந்தால் சான்றிதழில் "நிமோனியா" என்று வரலாம், "இதயச் செயலிழப்பு" என்று வரலாம். ஃப்ளூ என்ற சொல் வர வாய்ப்பு குறைவு. மருத்துவர் பொய் எழுதவில்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார்.

இதயத்தைச் சும்மா இழுக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வகத்தில் ஃப்ளூ உறுதியானவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018-இல் வெளியானது. உறுதியான பிறகு வரும் முதல் ஏழு நாளில் அவர்களுக்கு மாரடைப்பு வரும் வேகம், அதே ஆட்களுக்கு மற்ற நாட்களில் இருப்பதைவிட ஆறு மடங்கு. அப்படிச் செத்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். வேறென்ன எழுதுவார்கள்?

இந்த ஓட்டையை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் ஃபார், இங்கிலாந்தில் இறப்புப் பதிவுகளைத் தொகுத்தவர். 1847 கடைசியில் லண்டனில் ஃப்ளூ அடித்தது. வழக்கமாக அந்தப் பருவத்தில் எவ்வளவு பேர் சாவார்கள் என்று அவரிடம் பழைய வாரங்களின் எண்கள் இருந்தன. கழித்துப் பார்த்தார், 5,000-க்கு மேல் கூடுதலாக வந்தது. ஆனால் ஃப்ளூ என்று பெயரிட்டுப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாத காலம். இருந்தும் கழித்தல் கணக்கு வேலை செய்தது, ஏனென்றால் சாவை எண்ணுவதற்கு நோயைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, கோட்டை எப்படிப் போடுவது? போன வருஷத்தின் இதே வாரத்தை எடுத்துக் கழித்தால் என்ன என்று தோன்றும். போன வருஷமும் ஃப்ளூ இருந்திருக்குமே! ஃப்ளூ வருஷத்திலிருந்து ஃப்ளூ வருஷத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஃப்ளூ இல்லை. ஐந்து வருஷச் சராசரி எடுத்தாலும் இதே கதைதான், சராசரிக்குள்ளேயே ஐந்து வருஷத்து ஃப்ளூ உட்கார்ந்திருக்கும்.

இதற்கு அமெரிக்காவில் ராபர்ட் செர்ஃப்லிங் 1963-இல் ஒரு வழி எழுதினார். இன்றுவரை எல்லோரும் அதன் மேலேதான் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் ஃப்ளூ இல்லாவிட்டாலும் சாவு கொஞ்சம் ஏறும், கோடையில் இறங்கும், அது ஒரு மென்மையான அலை. அதோடு மக்கள்தொகை கூடுகிறது, வயதானவர்கள் கூடுகிறார்கள், அதனால் மெதுவாக ஒரு ஏற்றமோ இறக்கமோ இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து இப்படி எழுதலாம்:

```
Y(t) = a + b*t + c*sin(2*pi*t/52) + d*cos(2*pi*t/52)
```

t என்பது வார எண், Y அந்த வாரம் எதிர்பார்க்கும் சாவுகள். a, b இரண்டும் நீண்டகாலப் போக்கு, c, d இரண்டும் அலையின் உயரத்தையும் அது எந்த மாதத்தில் உச்சம் தொடுகிறது என்பதையும் முடிவு செய்கின்றன. முக்கியமான தந்திரம் சூத்திரத்தில் இல்லை. இதைப் பொருத்தும்போது ஃப்ளூ அடித்த வாரங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். பல வருஷத்து அமைதியான வாரங்களை மட்டும் கொடுத்து அலையை வரையச் சொல்கிறோம், அலை தானாக குளிர்காலத்துக்குள் நீண்டு, ஃப்ளூ இல்லாத குளிர்காலம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் யூரோமோமோ என்ற இறப்புக் கண்காணிப்பும் இந்த வழியில்தான் போகிறது, வசந்த காலத்தையும் இலையுதிர் காலத்தையும் வைத்துக் கோட்டை வரைகிறார்கள், ஏனென்றால் அந்த மாதங்களில் ஃப்ளூவும் இல்லை, வெயில் அலையும் பெரிதாக இல்லை.

ஒரு கற்பனை நாட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் நான் வசதிக்காக வைத்தவை. வாரத்துக்குச் சராசரியாக ஆயிரம் சாவு. ஒரு குளிர்காலத்தில் ஆறு வாரத்துக்குக் கோடு சொல்லும் எதிர்பார்ப்பு 1,080, 1,090, 1,100, 1,100, 1,090, 1,080. உண்மையில் பதிவானது 1,110, 1,180, 1,260, 1,300, 1,210, 1,120. வாரத்துக்கு வாரம் கழித்தால் 30, 90, 160, 200, 120, 40. கூட்டினால் 640.

இங்கேயே முதல் தகராறு. எந்த வாரத்தைச் சேர்ப்பது? சாவு எண்ணிக்கை சும்மாவே மேலும் கீழும் ஆடும். அமைதியான வாரங்களில் அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது கோட்டிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 30 என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு மேல் 1.645 மடங்கு விலக்கத்தைத் தாண்டினால்தான் தொற்று அலை என்று ஏற்றுக்கொள்வது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெகுகாலம் வைத்திருந்த வழக்கம். நம் கணக்கில் அது சுமார் 49. முதல் வாரத்தின் 30-உம் கடைசி வாரத்தின் 40-உம் அதைத் தாண்டவில்லை. அவற்றை விட்டுவிட்டால் 570. அதே தரவு, அதே கோடு, வாசலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் மட்டும் எழுபது பேர் வித்தியாசம். என்னைக் கேட்டால், வாசல் என்பது "அலை தொடங்கிவிட்டது" என்று எச்சரிக்கத்தான் நல்லது. மொத்தத்தை எண்ணும்போது ஓரத்து வாரங்களையும் சேர்க்க வேண்டும், அந்த வாரத்தில் செத்தவர்களும் செத்தவர்கள்தானே.

இரண்டாவது, 640 என்பதைச் சுற்றி எவ்வளவு மங்கல்? ஆறு வாரத்து ஆட்டமும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதது என்று எடுத்தால் மொத்தத்தின் விலக்கம் 30-ஐ ஆறின் வர்க்கமூலத்தால் பெருக்கியது, சுமார் 73. இருபக்கமும் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் விட்டால் 500-லிருந்து 785 வரை. பார்க்க நேர்மையான வரம்பு மாதிரிதான் தெரியும். ஆனால் கோடே பத்துப் பேர் கீழே இருந்தால்? பத்து என்பது 1,100-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. வாராவாரம் அதே திசையில் பத்து பத்தாகத் தப்பு சேரும், ஒன்றையொன்று சமன் செய்யாது. ஆறு வாரத்துக்கு 60. இருபது வாரம் நீளும் குளிர்காலம் முழுக்க எண்ணினால் 200. தற்செயல் ஆட்டம் வாரங்கள் கூடக் கூட ஒப்பளவில் கரைந்துவிடும், கோட்டின் தப்பு கரையாது. இந்தத் துறையில் பழகியவர்கள் யாராவது கணிப்பைக் காட்டினால் முதலில் கேட்பது "கோட்டை எத்தனை வருஷத்தை வைத்து இழுத்தாய், எந்த வாரங்களை விட்டாய்?" என்பதுதான். வரம்பைப் பார்ப்பது அப்புறம்.

இன்னொரு பெரிய விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த 640 கூடுதல் சாவுதான், ஃப்ளூ சாவு என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. அதே குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸும் சுற்றும், குழந்தைகளை மட்டும் பாதிப்பது என்று நினைத்திருந்தார்கள், முதியவர்களையும் கொல்லும். கடுங்குளிர் தனியாகக் கொல்லும். செர்ஃப்லிங்கின் கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது, அலைக்கு மேல் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஃப்ளூவின் பெயரில் எழுதிவிடும்.

அதனால்தான் ஆய்வகத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். எல்லோரையும் சோதிக்க வேண்டாம் என்பதுதான் இதில் அழகு. சில மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் வாராவாரம் மாதிரி எடுத்து, நூறில் எத்தனை பாசிட்டிவ் என்று மட்டும் தெரிந்தால் போதும். நாட்டில் மொத்தம் எத்தனை பேருக்கு ஃப்ளூ வந்தது என்று அது சொல்லாது, ஆனால் அலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்ற வடிவத்தைச் சொல்லும். அந்த வடிவத்தை மேலே எழுதிய சூத்திரத்தில் இன்னொரு உறுப்பாகச் சேர்த்து, பாசிட்டிவ் விகிதம் ஒரு புள்ளி ஏறினால் சாவு எத்தனை ஏறுகிறது என்று கணக்கையே கேட்கலாம்.

நம் கற்பனை நாட்டில் அந்த ஆறு வாரம் ஃப்ளூ பாசிட்டிவ் 5, 10, 20, 25, 15, 5 சதவீதம் என்று வையுங்கள். கூட்டினால் 80 புள்ளி. ஃப்ளூவை மட்டும் உள்ளே விட்டால் ஒரு புள்ளிக்கு 8 சாவு என்று வருகிறது, எண்பதை எட்டால் பெருக்கினால் அதே 640. இப்போது ஆர்.எஸ்.வி.யின் பாசிட்டிவ் விகிதத்தையும் சேர்க்கிறோம். அது ஃப்ளூவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே உச்சம் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் இருந்தது. முதல் வாரங்களின் கூடுதலில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ள, ஃப்ளூவின் கெழு, அதாவது ஒரு புள்ளிக்கு எத்தனை சாவு என்பது, 8-லிருந்து 6.5-க்கு இறங்குகிறது. பிறகு சூத்திரத்தில் ஃப்ளூவைப் பூஜ்யமாக்கி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, மறுபடி சாவுகளைக் கணிக்கிறோம். இரண்டு கணிப்புக்கும் வித்தியாசம் 520. அதுதான் "ஃப்ளூவால் நேர்ந்த சாவு". மீதி 120 ஆர்.எஸ்.வி.யின் கணக்கில் போகிறது. இரண்டு வைரஸும் ஒரே வாரத்தில் ஏறி ஒரே வாரத்தில் இறங்கியிருந்தால் இப்படிப் பிரித்திருக்கவே முடியாது, கெழுக்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கன்னாபின்னாவென்று ஆடும். ஒன்று எதிர்மறையாகக்கூடப் போகும். ஆர்.எஸ்.வி. உயிரைக் காப்பாற்றுகிறது என்று கணினி சொன்னால் கோப்பை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட வேண்டும், இன்னும் சில வருஷத் தரவு இல்லாமல் அது பிரியாது.

ஃப்ளூவையும் ஒரே ஆளாகப் போடுவதில்லை. எச்3என்2, எச்1என்1, பி என்ற மூன்று ஃப்ளூ வகைகளுக்கும் தனித்தனிக் கெழு, வயது வாரியாகவும் தனித்தனி. எச்3என்2 ஆடும் வருஷங்களில் முதியவர்களிடம் சாவு கூடும், எனவே அதன் ஒரு புள்ளிக்கு விலை அதிகம்.

இந்த வழியில் வந்த மிகப் பிரபலமான எண் அமெரிக்காவின் 36,000. சி.டி.சி. ஆட்கள் 2003-இல் வெளியிட்டது, 1990-களின் குளிர்காலங்களின் சராசரி. பலருக்குத் தெரியாதது, அதே கட்டுரையில் மூன்று எண்கள் இருந்தன. நிமோனியா, ஃப்ளூ என்று பதிவான சாவுகளை மட்டும் வைத்துப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 8,100. சுவாச நோய்களையும் இதய, ரத்தக்குழாய் நோய்களையும் சேர்த்தால் 36,000. எல்லாக் காரணச் சாவுகளையும் வைத்துப் போட்டால் 51,000. மூன்றும் தப்பில்லை. முதலாவதில் நாம் பார்த்த எழுபத்தெட்டு வயதுக்காரர் இதயச் செயலிழப்பு என்று எழுதப்பட்டிருந்தால் வரமாட்டார், மூன்றாவதில் அவர் நிச்சயம் வருவார், ஆனால் அவரோடு சேர்த்து ஃப்ளூவுக்குச் சம்பந்தமில்லாத ஆட்டமும் நிறைய வரும். நடுவில் இருப்பதைத்தான் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன, எந்தக் கூடையிலிருந்து எடுத்தது என்பதை விட்டுவிட்டு. அப்புறம் சராசரி என்பதும் ஏமாற்றும். 1976 முதல் 2007 வரைக்கும் பின்னால் போட்ட கணக்கில், ஒரு குளிர்காலத்தில் சுமார் 3,300, இன்னொன்றில் சுமார் 49,000. பதினைந்து மடங்கு வித்தியாசம்! "வருஷத்துக்கு இத்தனை" என்பதே கொஞ்சம் தப்பான பேச்சு.

(சி.டி.சி. இப்போது வருஷாவருஷம் வெளியிடும் எண்கள் வேறு வழியில் வருபவை. சில மருத்துவமனைகளின் உறுதியான நோயாளிகளை எடுத்து, சோதிக்காமல் விட்டவர்களுக்கும் மருத்துவமனைக்கு வெளியே செத்தவர்களுக்கும் பெருக்கி ஏற்றுவார்கள். 2017-18 பருவத்துக்கு முதலில் 80,000 என்றார்கள், பிறகு 61,000, அப்புறம் 52,000 அளவுக்கு இறங்கியது. அதை கூடுதல் இறப்புக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று கேட்டால், அதிகம் கெடுப்பது மிகச் சாதாரண விஷயம், தேதி. சாவு நடந்த தேதியா, பதிவான தேதியா? கிறிஸ்துமஸ் வாரத்தில் பதிவு அலுவலகங்கள் மூடியிருக்கும் நாடுகளில் அந்த வாரம் சாவு திடீரென்று குறையும், அடுத்த வாரம் குபீரென்று ஏறும். சரியாக ஃப்ளூ ஏறும் நேரம் வேறு. ஒருமுறை எனக்கு ஒரே ஒரு வாரத்தில் பயங்கரமான சிகரம் வந்தது, எல்லா வயதிலும் ஒரே விகிதத்தில். அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் ஓர் அலுவலகத்தில் கணினி மூன்று வாரம் படுத்துக்கிடந்து, எழுந்த வாரத்தில் தேங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் ஏற்றியிருந்தார்கள். முந்தின மூன்று வாரத்திலும் பள்ளம் இருந்தது, நான் சிகரத்தையே முறைத்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை. உண்மையான ஃப்ளூ சிகரம் ஒரே வாரத்தில் எழுந்து விழாது, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஏறி இறங்கும். காய்ச்சல் ஏறி ஓரிரு வாரம் கழித்துத்தான் சாவு ஏறும். எல்லா வயதிலும் ஒரே விகிதத்தில் ஏறவும் ஏறாது.

கணக்கு சரிதானா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை, சாலை விபத்துச் சாவுகளை அதே சூத்திரத்தில் ஊட்டிப் பார்ப்பது. ஃப்ளூவுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை, கெழு பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். விபத்திலும் நூற்றுக்கணக்கான பேரை ஃப்ளூ கொன்றதாக வந்தால், பருவ அலை சரியாகப் பொருந்தவில்லை, குளிர்காலத்தின் வேறு ஏதோ ஒன்று ஃப்ளூவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, அலை முடிந்த பிறகு சாவுகள் கோட்டுக்குக் கீழே இறங்குவதைச் சில வருஷங்களில் பார்க்கலாம். அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் எப்படியும் போயிருக்கக்கூடியவர்களைக் காய்ச்சல் முன்கூட்டியே கொண்டுபோய்விட்டது. நம் 640-க்குப் பின்னால் வரும் வாரங்களில் 100 பேர் குறைந்தால் அதைக் கழிக்க வேண்டுமா? நான் கழிக்கமாட்டேன். அவர்களை ஃப்ளூ கொன்றது உண்மை, எத்தனை நாள் ஆயுளைப் பிடுங்கியது என்பது வேறு கேள்வி, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஆனால் இதில் ஒத்துப்போகாதவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, இந்த முறை எங்கே காலை வாரிவிடும் என்றால் வெப்பமண்டலத்தில். செர்ஃப்லிங்குக்கு ஃப்ளூவே இல்லாத மாதங்கள் வேண்டும், அவற்றை வைத்துத்தான் கோடு. சிங்கப்பூரில் ஃப்ளூ வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும், ஹாங்காங்கில் வருஷத்தில் இரண்டு முறைகூட உச்சம் வரும். ஓரமாக வைக்க அமைதியான வாரம் ஏது? குளிர்காலச் சாவு மலையும் அங்கே குளிர்நாடுகளைப் போல் உயரமாக இருக்காது. அதனாலேயே வெகுகாலம் வெப்பநாடுகளில் ஃப்ளூ பெரிய கொலைகாரன் இல்லை என்று நினைத்திருந்தார்கள். 2000-களில் இந்த இரண்டு இடங்களிலும் ஆய்வக பாசிட்டிவ் விகிதத்தைச் சேர்த்துப் போட்டபோது மக்கள்தொகைக்கு ஒப்பிட்ட சாவு விகிதம் குளிர்நாடுகளுக்குச் சமமாகவே வந்தது. சாவுகள் முன்பும் இருந்தன, வருஷம் முழுக்கப் பரவிக் கிடந்ததால் மலையாகக் குவிந்து கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வாராந்தரச் சாவுப் பதிவோ தொடர்ச்சியான ஆய்வக மாதிரியோ இல்லாத நாட்டுக்கு இதையும் செய்ய முடியாது. ஃப்ளூ தொடர்பான சுவாச நோய்ச் சாவுகள் உலகம் முழுக்க வருஷத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 வரை என்று சொல்கிறார்களே, அது முப்பத்து மூன்று நாடுகளில் இப்படிப் போட்ட கணக்கை எடுத்து மற்ற நாடுகளுக்கு நீட்டியது. அந்த வரம்பு ஏன் இவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு பெரிய காரணம், நீட்டிய தூரம்.